மூன்று கட்டில் காலி, சாப்பாட்டுடன்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். நகராட்சித் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் தொட்டியைத் திறந்துவிட்டு, பிறகு பால் காய்ச்சினேன். என் கணவர் ஒன்பது மணிக்கு உரக்கடைக்குப் போய்விடுவார், அங்கே கணக்கு எழுதுகிறார். அவருக்கு இட்லியும் தக்காளிச் சட்னியும். விடுமுறை என்பதால் மாடியில் பிள்ளைகள் யாரும் இல்லை. மூன்று அறைகளையும் கூட்டித் துடைத்து, மெத்தைகளை வெயிலில் போட்டேன். எட்டு மணிக்குச் சமையல்கார அக்கா வந்தார். அன்று கல்லூரியில் முதலாண்டுச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அன்றைய சாப்பாட்டையே போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். அதனால் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் சேர்க்கை நாட்களில் அடுப்பு எரியும்.

தேனியில், கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் மூன்று அறைகள், அறைக்கு மூன்று கட்டில். பெண் பிள்ளைகள் மட்டும். இதைத் தொடங்கி ஆறு வருடங்கள் ஆகின்றன. சமூக நலத்துறைப் பதிவு, தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் வாங்கித்தான் நடத்துகிறோம். சான்றுகளைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். அந்த ஆண்டு மூன்றாம் வருடப் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தவர்கள். படிப்பு முடிந்து போனதும் அந்த அறை முழுதாகக் காலியானது.

விளம்பரத்தை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் செராக்ஸ் கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பிக்கு என் எழுத்து நன்றாகப் பழக்கம். தாளைக் கையில் வாங்கியதும் சிரித்தார்.

"அக்கா, இது வெளம்பரமா, போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆரா? 'மேற்குப் பக்க அறை, ஏப்ரல் மே மாதங்களில் வெயில் இறங்கும்'னு எழுதியிருக்கீக. எந்தப் பிள்ள வரும்?"

"வந்து பாத்துட்டுத் திட்டுறதுக்கு, தெரிஞ்சே வரட்டும்."

"'வைஃபை உண்டு, மாடியில் சரியாகக் கிடைக்காது, படிப்பு ஹாலில் கிடைக்கும்.' இதையும் போடணுமா?"

"போடு."

"பக்கத்துத் தெரு ஆஸ்டல்காரக என்ன போட்டுருக்காக தெரியுமா? 'தாயின் அரவணைப்பு, நட்சத்திர வசதி.' அங்கன பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா கிடையாது, என் மச்சினிச்சி சொல்லுச்சு."

"அப்ப என்னோடதுல தாழ்ப்பா உண்டுன்னு ஒரு வரி சேத்துக்கோ."

அவர் சிரித்துக்கொண்டே உண்மையாகவே சேர்த்துவிட்டார். நானும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்கியது. மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு. மின்சாரம் அறைவாரியாகத் தனி மீட்டர், மூவருக்கும் பங்கு. ஒரு மாத முன்பணம், காலி செய்யும்போது திருப்பித் தரப்படும். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் சாப்பாட்டுப் பணம் கழிக்கப்படும். மதியச் சாப்பாடு டப்பாவில் கட்டித் தரப்படும். கீழே படிப்பு ஹால், நீள மேசை, இரவு பத்தரை வரை, தேர்வு நாட்களில் பன்னிரண்டு வரை. வாசலிலும் மாடிப்படியிலும் கேமரா. மாலை ஏழு மணிக்குக் கேட் பூட்டப்படும், தாமதமானால் வீட்டுக்குப் போன் செய்து சொல்லப்படும். பெற்றோர் படம் கொடுத்த ஆட்கள் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது, அவர்களும் ஹாலோடு சரி. கடைசி வரி: பெண் பொறுப்பாளர் எப்போதும் வீட்டிலேயே இருப்பார்.

அந்தப் பெண் பொறுப்பாளர் நான்தான். போன் நம்பரும் என்னுடையதுதான். முதல் வருடம் விளம்பரத்தில் என் கணவர் நம்பரைப் போட்டோம். பெண்கள் விடுதிக்கு ஆண் குரல் எடுக்கிறது என்று பாதித் தாய்மார்கள் வைத்துவிட்டார்கள்.

ஐம்பது பிரதி எடுத்தோம். ஒன்றைச் செராக்ஸ் கடைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார். ஒன்று எங்கள் கேட்டில். சிலவற்றைச் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் டீ குடிக்கும் கடையில் வைத்தேன். போன வருடப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருக்கும் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். எங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் வருகிறார்கள்.

திங்கட்கிழமை முதலில் வந்தது கம்பத்தை அடுத்த கூடலூரிலிருந்து ஒரு குடும்பம். திராட்சைத் தோட்டக்காரர், மனைவி, மகள். அவர் மாடி ஏறியதும் சன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கேமராவைக் காட்டச் சொன்னார். கடைசியாகக் குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"ரூம்ல கூட இருக்கப்போற பிள்ளைக எந்த மாதிரி ஆளுக?"

"படிக்கிற பிள்ளைக."

"அது சரி. நான் கேக்கறது..."

அவர் மனைவி இடையில் புகுந்தார். "நீங்க கேக்கறது அவுகளுக்குப் புரிஞ்சிருச்சு. பேசாம வாங்க."

மகள் தலையைக் குனிந்து சிரித்தாள். சன்னல் பக்கக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா, "சனிக்கிழம சாயங்காலம் இவ வீட்டுக்கு வந்திருவா, ஞாயிறு பொழுது சாய கொண்டாந்து விட்ருவோம்" என்றார். நான் சரியென்று தலையாட்டினேன். எல்லாப் பெற்றோரும் சொல்வது அதுதான். சின்னமனூர், கம்பம், போடி, பெரியகுளம் என்று எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் வீடு சேருகிறவர்கள்.

மதியம் ஒன்றரைக்கு மேகமலையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். மகளுக்கு இயற்பியலில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட மறுநாள் மாலை வரை கல்லூரி நேரம் கொடுத்திருந்தது. தாயின் கையில் எங்கள் அறிவிப்பு நாலாக மடிந்திருந்தது. டீக்கடையில் எடுத்ததாம்.

முதலில் சாப்பிடச் சொன்னேன். அன்று சாம்பார், பீட்ரூட் பொரியல், ரசம், மோர். தாய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சமையல்கார அக்காவைப் பார்த்தார்.

"இம்புட்டு ருசியா தினமும் வைப்பீகளா, இல்ல இன்னைக்கு ஆள் பிடிக்கவா?"

"ஆள் பிடிக்கணும்னா வடை போட்டுருப்பேன் தாயீ" என்றார் அக்கா. மூவரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டதும் தாய் வீடு முழுவதும் நடந்தார். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். படிப்பு ஹாலில் நாற்காலியில் மகளை உட்கார வைத்து, மேசை உயரம் சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் விலகி நின்று பார்த்தார். செலவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மின்சாரப் பங்கு மாதம் எவ்வளவு வரும்? நான் போன வருடம் வந்ததைச் சொன்னேன். விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "முடியும்" என்றார். அரசு விடுதிக்கும் மனுப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல் எப்போது வரும், அதில் இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை காத்திருந்தால் வகுப்பு தொடங்கிவிடும்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த வாரச் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுல திங்கள்ல இருந்து சனி வரைக்குந்தான் இருக்கு."

தாய் என்னிடம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம சாப்பாடு?"

"ஞாயித்துக்கெழம பிள்ளைக யாரும் இங்க இருக்க மாட்டாக. எல்லாம் ஊருக்குப் போயிருவாக."

"இவ போக முடியாது. சின்னமனூருக்குப் போயி, அங்கன இருந்து மலைக்கு நாளுக்கு ஒண்ணு ரெண்டு பஸ்ஸு. சனிக்கிழம காலேஜு விட்டுப் போனா மேல போற பஸ்ஸு போயிருக்கும். ஞாயித்துக்கெழம காலைல ஏறுனா மத்தியானம் வந்து சேருவா. உடனே அதே பஸ்ஸுல திரும்பிக் கீழ எறங்கணும். லீவு சேந்து வந்தாத்தான் வீட்டுக்கு. மத்த வாரம் இங்கனதான்."

"அன்னைக்கு நான் பூசைக்குப் போயிருவேன்" என்றார் சமையல்கார அக்கா. அவருடைய ஊர் உத்தமபாளையம் பக்கம். ஞாயிறு மாதா கோயில், பிறகு பிறந்த வீடு. ஆறு வருடங்களில் ஒரு ஞாயிறு கூட அவர் வந்ததில்லை, நான் கேட்டதும் இல்லை.

"அப்ப யாரு இருப்பாக?"

"அன்னைக்கு நாங்களும் இருக்க மாட்டோம்" என்றேன். ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் என் கணவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தேவதானப்பட்டியில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் திரும்பி வரும் நேரத்துக்குள் மாலை ஐந்துக்கு வந்துவிடுவோம். இத்தனை வருடமாக அப்படித்தான். அதனால் ஞாயிறு என்ற சொல்லே என் அறிவிப்பில் வரவில்லை. வெயில் இறங்குவது வரை எழுதியவளுக்கு அது தோன்றவே இல்லை.

தாய் மடித்த தாளைப் பிரித்து மகளிடம் கொடுத்தார். "கடைசி வரிய வாசி."

"பெண் பொறுப்பாளர் எப்போதும் வீட்டிலேயே இருப்பார்."

"எப்போதும்னா சனிக்கெழம வரைக்குமா?" குரலில் கோபம் இல்லை. கடையில் சில்லறை குறைந்தால் கேட்பது போலக் கேட்டார். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. ஆனா தனி வீட்டுல ஒத்தப் பிள்ளைய விட்டுட்டு எப்படி மேல போயிக் கொழுந்து எடுப்பேன்? நூல் மில்லுக்காரகளும் வந்து இவள வேலைக்குக் கேட்டுட்டுப் போயிருக்காக. தங்க எடம், சாப்பாடு, கையில சம்பளம். ஞாயித்துக்கெழமயும் அங்கன வார்டனம்மா இருப்பாகளாம்."

"அங்கன ஞாயித்துக்கெழமயும் வேலைம்மா. அதான் வார்டன் இருப்பாக" என்றாள் மகள்.

தாய் அவளைப் பார்த்தார். தாளை அவளிடமிருந்து வாங்கி மறுபடி நாலாக மடித்தார்.

பொய்யாகச் சொல்லி அனுப்ப எனக்கு வராது. "இப்ப முடியும்னு சொன்னா வாய் வார்த்தையாப் போயிரும். வீட்டுல பேசிட்டு நாளைக் காலைல சொல்றேன்" என்றேன்.

"நாங்க இன்னைக்கு ராத்திரி சின்னமனூர்ல என் தம்பி வீட்டுலதான் இருப்போம். காலைல பஸ்ஸு ஏறிட்டா மேல போன் எடுக்காது. அதுக்கு முன்ன சொன்னீகன்னா இவ என் தம்பியோட வந்து காலேஜுல பணம் கட்டிருவா. இல்லன்னா என்னோட மலைக்கு வந்திருவா."

தம்பியின் நம்பரை மகள் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மலைக்குப் போன பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. மில் வண்டி அங்கே வரும் என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

மாலை ஆறரைக்குக் கணவர் வந்ததும் காப்பி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஒரு பிள்ளைக்காக ஞாயித்துக்கெழம பூரா நீ இங்கயா?"

"ஒரு பிள்ளைன்னாலும் பொறுப்பாளர் வீட்டுல இருந்தாகணும். பதிவு வாங்குறப்ப ஒத்துக்கிட்டதுதான்."

"அந்தப் பிள்ளையையும் தோப்புக்குக் கூட்டிட்டு வா. மாங்கா தின்னுட்டுப் படிக்கட்டும்."

"ஊரான் பிள்ளைய தோப்புக்குக் கூட்டிட்டுப் போறதா? நாளைக்குக் கால்ல முள்ளுக் குத்துனா அவுக அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? அதுக்குப் பரிட்சை வரும், துணி தொவைக்கணும், தலைக்குக் குளிக்கணும். எல்லாப் பிள்ளைக்கும் ஞாயித்துக்கெழம இருக்குல்ல."

"உனக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் மாலை முழுவதும் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தோப்பில் எனக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. அவர் ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார். நான் மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கேட் மணி அடிக்காது. குழம்பில் உப்புக் குறைவு என்று யாரும் வரமாட்டார்கள். எதிரே மலை, காலையில் நீலம், மதியம் சாம்பல். வாரத்தில் யாரும் என்னைக் கூப்பிடாத நாள் அது ஒன்றுதான். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை இங்கே மறைத்து எழுதினால் அந்த மாலையைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

வேறு வழிகளையும் யோசித்துப் பார்த்தேன். அறையை வேறு ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அன்று மதியத்துக்குள் இரண்டு போன் வந்திருந்தது, கட்டில் காலியாகக் கிடக்காது. 'எப்போதும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'திங்கள் முதல் சனி வரை' என்று போட்டால் அறிவிப்பும் சரியாகிவிடும். எழுதுவது சுலபம். ஆனால் அப்படி எழுதினால், தூரத்திலிருந்து வருகிற எந்தப் பிள்ளையும் இங்கே தங்க முடியாது என்று எழுதியதாக ஆகும். விடுதியே இல்லாமல் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும் விடுதி நடத்துகிறோம் என்று ஆகும். கூடலூர்ப் பிள்ளை ஒரு வகையில் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். மலைப் பிள்ளைக்கு அது நடக்காது.

சமையல்கார அக்காவிடம் போனில் கேட்டேன். "பூசைய விட முடியாதுக்கா, சொல்லிட்டேன்" என்றுதான் ஆரம்பித்தார். நான் பூசையை விடச் சொல்லவில்லை என்றதும் சற்று யோசித்தார்.

"எப்பயாவது உங்களுக்குக் கல்யாணம் காட்சின்னா சொல்லுங்க. காலப் பூசை பாத்துட்டு நேரா வந்து இருக்கேன். எல்லா வாரமும் முடியாது. என் அண்ணன் கோவிச்சுக்கும்."

"எப்பயாவதுன்னா போதும்."

"அந்தப் பிள்ள நல்லாச் சாப்பிடுச்சு. மோருல உப்புப் போட்டுக்க மாட்டேனுச்சு, பாத்தீகளா?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கணவர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் தாளை மடித்தார்.

"அப்ப தோப்புக்கு நான் ஒத்தையாப் போகணும். கட்டுச்சோறு?"

"சனிக்கெழம ராத்திரியே புளியோதரை கிளறி வச்சிருவேன்."

"வாரா வாரம் புளியோதரையா? அதுக்கு அந்த மில்லுக்கு நானே போயிருவேன்."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார். "மாங்கா பறிச்சு முடிக்கிற சமயத்துலயும், அந்தப் பிள்ள ஊருக்குப் போற வாரத்துலயும் நீ வா. மத்த நாள் நான் பாத்துக்கறேன். உன் நாற்காலிய வேற யாருக்கும் போடல."

சாப்பாட்டுப் பட்டியலில் ஏழாவது வரி எழுதினேன். காலை தோசை, மதியம் சோறு, குழம்பு, ஒரு காய், இரவு உப்புமா. ஒரு ஆளுக்கு என்பதால் நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். பணம் கூடுதல் இல்லை என்று முடிவு செய்தேன். மூன்று வேளைச் சாப்பாட்டோடு என்று அச்சில் சொல்லிவிட்டோம். மாதம் என்பதற்குள் ஞாயிறும் அடங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் முதலில் போனை எடுத்தேன். பாலைக் கூட அடுப்பில் வைக்கவில்லை. தாயின் தம்பி எடுத்து, "அக்கா, ஆஸ்டல்லயிருந்து" என்று சத்தம் போட்டார்.

"ஞாயித்துக்கெழம நான் வீட்டுல இருப்பேன்" என்றேன். "நான் போகவேண்டி வந்தா நேத்துச் சமைச்ச அக்கா இருப்பாக. ரெண்டு பேருமே இல்லாத நாள் வராது. வர்ற மாதிரி இருந்தா, முந்தின வாரமே உங்க தம்பிக்குச் சொல்லி, பிள்ளைய அவுக வீட்டுல விட்ருவேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அந்தத் தாளுல எழுதுவீகளா?"

"எழுதிருவேன். உங்க மக வந்து வாசிக்கட்டும்."

"சரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் ஏறுறேன். இவ என் தம்பியோட பத்து மணிக்கு காலேஜுக்கு வருவா. பணம் கட்டிட்டு உங்கட்ட வரச் சொல்றேன்." பிறகு, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மகளிடம் பேசுவது கேட்டது. "ஏ பிள்ள, எந்திரி. தலைய சீவு. மலைக்கு நீ வரல."